உறைநிலைக் கருமுளைகளும் ஒப்புதல் படிவமும்

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் உருவாகி, கருப்பைக்குள் வைக்கப்படாமல் எஞ்சும் கருமுளைகளை உறையவைத்துச் சேமிக்கும் வழக்கம் 1980-களில் பரவியது. இவற்றை எவ்வளவு காலம் சேமிப்பது, வேறொரு தம்பதிக்குக் கொடுக்கலாமா, ஆய்வுக்கு அளிக்கலாமா, அழிய விடலாமா, இம்முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன. இக்கேள்விகளுக்குப் பெரும்பாலான நாடுகள் கண்ட விடை ஒன்றுதான். சிகிச்சை தொடங்கும்முன் தம்பதியர் இருவரும் ஒரு படிவத்தில் தங்கள் முடிவை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் படிவம் உருவான வரலாற்றையும், அதை நம்பி நடந்த சில வழக்குகளில் அது எங்கே தாங்கியது, எங்கே முறிந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

கருமுளைகள் ஏன் மிஞ்சுகின்றன

இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் பொதுவாக ஒரு சினைமுட்டையே முதிர்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் ஹார்மோன் ஊசிகள் மூலம் ஒரே சுழற்சியில் பல முட்டைகளை முதிரச் செய்து, ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். எத்தனை முட்டை கருவுறும், கருவுற்றவற்றில் எத்தனை ஒழுங்காகப் பிளவுபட்டு வளரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே கிடைத்த முட்டைகளில் பெரும்பாலானவற்றை விந்தணுவோடு சேர்த்துவிடுகிறார்கள். பத்து முட்டையில் ஆறு நல்ல கருமுளைகள் வந்தால் ஒன்றையோ இரண்டையோதான் கருப்பைக்குள் வைக்க முடியும். அதற்கு மேல் வைத்தால் இரட்டை, மூன்று என்று கரு தங்கித் தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தாகும். மிஞ்சிய நான்கை எறிந்துவிட்டால், முதல் முயற்சி தோற்கும்போது அந்தப் பெண் மறுபடியும் ஊசி, மயக்க மருந்து, செலவு என எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேமிப்பின் தேவை இப்படித்தான் பிறந்தது.

உறையவைக்கும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடாமல் காக்க ஒரு காப்புக் கரைசலில் கருமுளையை ஊறவைத்து, மெல்லிய குழலில் அடைத்து, மைனஸ் 196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைட்ரசனில் மூழ்க வைக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் உயிர்வேதி வினைகள் ஏறக்குறைய நின்றுபோகின்றன. ஓராண்டு கிடந்த கருமுளைக்கும் இருபது ஆண்டு கிடந்த கருமுளைக்கும் உயிரியல் வகையில் பெரிய வேறுபாடு இல்லை. காலம் அங்கே நிற்கிறது, வெளியே இருக்கும் தம்பதியருக்கு நிற்பதில்லை. பின்னர் வந்த வழக்குகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைத்தன.

கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி 1978 அக்டோபரில் பிறந்த துர்கா என்ற குழந்தை, 53 நாள்கள் உறைநிலையில் இருந்த கருமுளையிலிருந்து உருவானது என்று அறிவித்தார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதை நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரது பணிக்கான ஏற்பு பல ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. இதனால் உலகப் பதிவேடுகளில் உறைநிலைக் கருமுளையிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்ற இடம் 1984-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கே வழங்கப்பட்டு வந்தது.

எழுதி வைக்காமல் இறந்தவர்கள்

அதே மெல்பர்னில்தான் முதல் பெரிய சிக்கலும் வந்தது. 1981-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்த ஒரு தம்பதியர் அங்குள்ள குயின் விக்டோரியா மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். மூன்று கருமுளைகள் கிடைத்தன. ஒன்று கருப்பையில் வைக்கப்பட்டுக் கலைந்துபோனது. இரண்டை உறையவைத்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பினர். 1983-இல் தென் அமெரிக்காவில் நடந்த விமான விபத்தில் இருவரும் இறந்தனர். கருமுளைகளை என்ன செய்வது என்று அவர்கள் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இறந்தவர்களுக்குப் பெரிய சொத்து இருந்ததால் செய்தித்தாள்கள் வாரிசுக் கேள்வியையே பிடித்துக்கொண்டன. உறைநிலையில் இருக்கும் இரண்டு கருமுளைகள் பிறந்து வந்தால் சொத்தில் பங்கு கேட்குமா என்று உலகம் முழுவதும் எழுதப்பட்டது. உண்மையான கேள்வி வேறு. இரண்டு கருமுளைகளை வைத்திருந்த ஆய்வகத்துக்கு, அவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கவோ எடுத்து வெளியே வைக்கவோ என்ன அதிகாரம் இருந்தது? விக்டோரியா மாநில அரசு ஏற்கெனவே அமைத்திருந்த பேராசிரியர் லூயிஸ் வாலர் தலைமையிலான குழு, பெற்றோர் எந்த அறிவுறுத்தலும் விட்டுச் செல்லாதபோது சேமிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்று கருதியது. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையோ, வேறொரு தம்பதிக்குத் தானமாகக் கொடுக்க வழிசெய்யும் திருத்தத்தைச் சேர்த்தது. தொடக்ககால முறையில் உறைந்த அந்த இரண்டும் மீண்டு வளரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், விவாதத்தின் பெரும்பகுதி கொள்கை அளவிலேயே நின்றது. ஆனால் சிகிச்சைக்கு முன்பே மரணத்தைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும் என்ற பாடம் மருத்துவமனைகளுக்கு இங்கிருந்தே கிடைத்தது. இன்று உலகெங்கும் வழங்கும் படிவங்களில் 'இருவரும் இறந்தால்' என்ற வரி இருப்பதற்கு மெல்பர்ன் நிகழ்வு முக்கியக் காரணம்.

படிவம் கிடைக்காத நாள்

மரணத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியபோதும் மணமுறிவைப் பற்றிக் கேட்க மருத்துவமனைகளுக்குத் தயக்கம் இருந்தது. குழந்தைக்காக ஒன்றாக வந்து நிற்கும் இருவரிடம் 'நீங்கள் பிரிந்தால்?' என்று கேட்பது யாருக்கும் எளிதல்ல.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த டேவிஸ் எதிர் டேவிஸ் வழக்கு அந்தத் தயக்கத்தை முடித்துவைத்தது. அந்த மனைவிக்கு ஐந்து முறை கருக்குழாயில் கரு தங்கி, இயல்பாகக் கருத்தரிக்கும் வழி அடைபட்டிருந்தது. பலமுறை செயற்கைக் கருத்தரிப்புக்கு முயன்றும் பலனில்லை. 1988 டிசம்பரில் நடந்த கடைசி முயற்சியில் ஒன்பது கருமுளைகள் கிடைத்தன. இரண்டு உள்ளே வைக்கப்பட்டன, ஏழு உறையவைக்கப்பட்டன. கரு தங்கவில்லை. இரண்டு மாதத்தில் கணவர் மணமுறிவு கோரினார். வீடு, பொருள் எல்லாவற்றையும் பிரிப்பதில் இருவருக்கும் உடன்பாடு இருந்தது. ஏழு கருமுளைகளில் மட்டும் இல்லை.

அவர்கள் ஏன் படிவம் எதிலும் கையெழுத்திடவில்லை என்பதற்கான காரணம் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. அந்தச் சமயத்தில் மருத்துவமனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. படிவங்கள் எங்கோ மூட்டைகளில் இருந்தன. முட்டை எடுக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட முடியாது என்பதால், படிவம் இல்லாமலே சிகிச்சை நடந்துவிட்டது. காகிதக் கட்டு ஒன்று கையில் அகப்படாததால் மூன்று நீதிமன்றங்கள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் செலவிட வேண்டியிருந்தது.

விசாரணை நீதிமன்றம் 1989-இல், மனித உயிர் கருவுறும் நொடியிலேயே தொடங்குகிறது என்று கொண்டு, கருமுளைகளைக் குழந்தைகளாகவே நடத்தி, அவற்றைப் பிறக்கச் செய்ய விரும்பிய மனைவியிடம் ஒப்படைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கும் சம உரிமை என்றது. 1992 ஜூன் மாதம் மாநில உச்ச நீதிமன்றத்துக்காக நீதிபதி மார்த்தா கிரெய்க் டாட்ரி எழுதிய தீர்ப்பு வேறு வழியில் சென்றது. கருமுளை ஆளும் அல்ல, சொத்தும் அல்ல. மனித உயிராக வளரக்கூடிய ஆற்றல் உள்ளதால் தனி மதிப்புக்குரிய இடைநிலைப் பொருள் அது. அதைப் பற்றி இருவரும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தால் அதுவே செல்லும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருவர் நலன்களையும் எடைபோட வேண்டும். பெற்றோராக விரும்பாதவரின் நலனே பொதுவாக மேலோங்கும், மற்றவருக்குக் குழந்தை பெற வேறு நியாயமான வழி இருக்கும்வரை.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது நிலைமையும் மாறியிருந்தது. மறுமணம் செய்துகொண்டிருந்த மனைவி கருமுளைகளைத் தானே பயன்படுத்த விரும்பவில்லை, குழந்தையில்லாத வேறொரு தம்பதிக்குக் கொடுக்க விரும்பினார். கணவர் அதை ஏற்கவில்லை. பெற்றோர் பிரிந்ததால் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். தன் குழந்தை முகம் தெரியாத ஒரு வீட்டில் வளர்ந்து, அந்த வீடும் உடைந்தால் என்ன ஆகும் என்பது அவருடைய அச்சம். தீர்ப்பு அவர் பக்கம் சென்றது. தானம் என்பது தாராள மனத்தின் செயலாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் கொடுப்பவருக்கு அது தன் பிள்ளையைக் காணாமல் விடுவது போலவும் தோன்றலாம் என்பதை இந்த வழக்கின் சாட்சியங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

1996 ஆகஸ்ட் 1

பிரித்தானியா இதை நீதிமன்றங்களுக்கு விடாமல் சட்டத்தால் தீர்க்க முயன்றது. மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1990-இல் மனிதக் கருத்தரிப்பு, கருவியல் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை முழுக்க ஒப்புதலைப் பற்றியது. முட்டை கொடுத்தவரும் விந்து கொடுத்தவரும் தனித்தனியே எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். கருமுளை யாருக்கான சிகிச்சைக்கு, அல்லது ஆய்வுக்கு என்று குறிப்பிட வேண்டும். எவ்வளவு காலம் சேமிக்கலாம், இறந்தாலோ முடிவெடுக்கும் திறனை இழந்தாலோ என்ன செய்வது என்றும் எழுத வேண்டும். கையெழுத்துக்கு முன் விளக்கமும் ஆலோசனை பெறும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். கருமுளை பயன்படுத்தப்படும்வரை இருவரில் எவரும் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலை மாற்றலாம், திரும்பப் பெறலாம்.

சேமிப்புக்கு ஐந்து ஆண்டு வரம்பும் வைக்கப்பட்டது. சட்டம் 1991 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே அன்று சேமிப்பில் இருந்த கருமுளைகளுக்கெல்லாம் 1996 ஆகஸ்ட் 1 கெடுவாகிவிட்டது. நாள் நெருங்கியபோது, தம்பதியர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் பத்து ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. மருத்துவமனைகள் பழைய முகவரிகளுக்குக் கடிதம் எழுதின. பலர் வீடு மாறியிருந்தனர். சிலர் பிரிந்திருந்தனர். ஒருவர் பதில் எழுதி மற்றவர் எழுதாத நிலையும் இருந்தது. கடிதம் கிடைத்தும் பதில் எழுதாதவர்களும் இருந்தார்கள்.

செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. வத்திக்கான் கண்டித்தது. இத்தாலியில் பெண்கள் அந்தக் கருமுளைகளைத் தாங்கள் சுமக்கத் தயார் என்று முன்வந்தார்கள். சட்டப்படி அது முடியாது. தானமாகக் கொடுக்க இருவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை, அந்த ஒப்புதலைத் தர வேண்டியவர்களைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. கெடு முடிந்ததும் 3,000-க்கும் மேற்பட்ட கருமுளைகள் நைட்ரசன் கலன்களிலிருந்து எடுத்து அழிக்கப்பட்டன.

இந்த நிகழ்வு ஒரு முரணை வெளியே கொண்டுவந்தது. மௌனம் சம்மதமாகாது என்பதால் தானம் மறுக்கப்பட்டது. ஆனால் அழிப்புக்கு அதே மௌனம் போதுமானதாக இருந்தது. இதைக் கொடுமை என்றவர்கள் உண்டு. எனினும் சட்டத்தின் பக்கமும் காரணம் இருக்கிறது. கேட்காமல் அழித்தால் ஒருவர் ஒரு வாய்ப்பை இழக்கிறார். கேட்காமல் தானம் கொடுத்தால், தெரியாத இடத்தில் தன் மரபுவழிக் குழந்தை வளரும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இரண்டாவதைத் திருத்தவே முடியாது.

பிரித்தானியாவின் கால வரம்பு பின்னர் படிப்படியாக நீண்டது. 2009-இல் பொதுவான வரம்பு பத்து ஆண்டாகவும், 2022 ஜூலை முதல், பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பிக்கும் நிபந்தனையோடு, அதிகபட்சம் 55 ஆண்டாகவும் ஆயிற்று.

ஆறு கருமுளைகள்: எவன்ஸ் வழக்கு

எந்த நேரத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்ற விதி முழுச் சோதனைக்கு உள்ளானது எவன்ஸ் எதிர் ஐக்கிய இராச்சியம் என்ற வழக்கில். மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த ஓர் இணையர் இங்கிலாந்தின் பாத் நகரில் சிகிச்சை பெற்றுவந்தனர். சோதனையில் அந்தப் பெண்ணின் இரு சூலகங்களிலும் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகள் இருப்பது தெரிந்தது. சூலகங்களை அகற்ற வேண்டும், கட்டி மெதுவாக வளர்வதால் அதற்கு முன் ஒருமுறை முட்டைகளை எடுக்கலாம் என்று மருத்துவர்கள் கூறினர்.

கருவுறாத முட்டைகளை மட்டும் உறையவைக்க முடியுமா என்று அவர் கேட்டார். அந்த மருத்துவமனையில் அந்த வசதி இல்லை. அக்காலத்தில் அதன் வெற்றி வாய்ப்பும் கருமுளையைவிட மிகக் குறைவு. முட்டை பெரிய செல், நீர் அதிகம், மெதுவாக உறையவைக்கும்போது பனிப்படிகம் அதை எளிதில் சிதைத்துவிடும். நொடிப்பொழுதில் கண்ணாடிபோல் உறையவைக்கும் முறை பரவலானது பின்னர்தான். அருகில் இருந்த துணைவர், அது தேவையில்லை, நாம் பிரியப்போவதில்லை என்று உறுதி சொன்னார். இருவருக்கும் தனித்தனிப் படிவங்கள் தரப்பட்டன. பயன்படுத்தப்படாதவரை ஒப்புதலை எப்போதும் மாற்றலாம் என்ற எச்சரிக்கை படிவத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. இருவரும் கையெழுத்திட்டனர். 2001 நவம்பரில் பதினொரு முட்டைகள் எடுக்கப்பட்டு, ஆறு கருமுளைகள் சேமிக்கப்பட்டன. அதே மாதம் சூலகங்கள் அகற்றப்பட்டன. உடல் தேற இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொன்னார்கள்.

2002 மே மாதம் அவர்கள் பிரிந்தனர். துணைவர் மருத்துவமனைக்கு எழுதித் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். அந்தப் பெண்ணுக்குத் தன் மரபுவழிக் குழந்தை பெற அந்த ஆறைத் தவிர வேறு வழியில்லை. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் தெளிவாக இருப்பதாகக் கூறி அவர் கோரிக்கையைத் தள்ளின. 2007 ஏப்ரல் 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, 13-க்கு 4 என்ற கணக்கில், பிரித்தானியச் சட்டம் அவருடைய தனிவாழ்க்கை உரிமையை மீறவில்லை என்று முடிவு செய்தது. நீதிபதிகள் அவருடைய நிலைமைக்கு மிகுந்த இரக்கம் தெரிவித்தனர். ஆயினும் தாயாக வேண்டும் என்ற அவர் விருப்பத்துக்கு, தந்தையாக வேண்டாம் என்ற மற்றவர் விருப்பத்தைவிடக் கூடுதல் எடை கொடுக்க முடியாது என்றனர். விதிவிலக்கில்லாத விதி சில வேளை கடுமையாக இருந்தாலும், கையெழுத்திடுபவர் அனைவருக்கும் தம் நிலை என்னவென்று முன்கூட்டித் தெரியும் என்பது அவர்கள் வாதம். மாற்றுக் கருத்து எழுதிய நால்வரோ, ஒருவருக்கு அது கடைசி வாய்ப்பாக இருக்கும்போதும் எடைபோட இடமே தராத விதி சமநிலை ஆகாது என்றனர்.

இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகத் தீர்த்திருந்தது. 1996-இல் நாக்மானி வழக்கில், கருப்பை அகற்றப்பட்டு வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற முயன்ற பெண்ணுக்குச் சாதகமாக, கணவர் மறுத்தபோதும் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவெடுத்தனர். கருவுறும் கட்டம் வரை சேர்ந்து வந்தவர் பாதி வழியில் விலகுவது, அவரை நம்பித் தன் உடலைச் சிகிச்சைக்கு உட்படுத்தியவருக்கு அநீதி என்பது அவர்கள் கருதிய முக்கியமான ஒன்று.

எவன்ஸ் வழக்கில் மருத்துவமனை விதிப்படியே நடந்தது. படிவம் தெளிவாகவே இருந்தது. ஆனால் புற்றுநோய் அச்சமும் துணைவரின் உறுதிமொழியும் ஒன்றாக வந்த ஒரு மருத்துவமனை நாளில், எப்போதும் மாற்றலாம் என்ற வரி மற்றவருக்கும் பொருந்தும் என்பதை எத்தனை பேர் ஊன்றிப் படித்திருப்பார்கள்? அதன்பின் பிரித்தானியா ஒரு சிறு திருத்தம் செய்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் சேமிப்புக்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் கருமுளைகளை உடனே அழிக்காமல், இருவரும் பேசி முடிவெடுக்க ஓராண்டு வரை வைத்திருக்கலாம்.

வெற்றுப் படிவம்

படிவம் இருப்பதாலேயே ஒப்புதல் இருக்கிறது என்று ஆகாது என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000-இல் முடிந்த ஒரு வழக்கு நல்ல சான்று. தரப்பினர் பெயரை மறைத்து ஏ.இசட். எதிர் பி.இசட். என்று அது பதிவாகியுள்ளது. அந்தத் தம்பதியர் பல சுழற்சிகள் சிகிச்சை பெற்றனர், ஒவ்வொரு முறையும் ஒரு படிவம். முதல் முறை, மனைவி படிவத்தை நிரப்புவதைக் கணவர் பார்த்துக் கையெழுத்திட்டார். பிரிந்தால் கருமுளைகள் மனைவிக்கே திரும்பத் தரப்பட வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். அடுத்தடுத்த முறைகளில் கணவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார், மனைவி பின்னர் அதே வாசகத்தை நிரப்பினார். அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. சில ஆண்டுகள் கழித்து மனைவி எஞ்சியவற்றில் ஒரு பகுதியைக் கணவருக்குச் சொல்லாமலே பயன்படுத்தினார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் கணவருக்குத் தெரிந்தது.

மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தப் படிவத்தைச் செல்லுபடியாக்க மறுத்தது. அது மருத்துவமனைக்கும் தம்பதியருக்கும் இடையிலான ஏற்பாட்டுக்காக எழுதப்பட்டது, கணவன் மனைவிக்கு இடையிலான ஒப்பந்தமாக அல்ல. எவ்வளவு காலம் செல்லும் என்றும் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிவான ஒப்பந்தமாகவே இருந்தாலும் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோராக்க நீதிமன்றம் உதவாது என்று கூறிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் மாநில நீதிமன்றம் கேஸ் எதிர் கேஸ் வழக்கில், ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்து இருவரும் இட்ட கையெழுத்தை அப்படியே ஏற்றிருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். குழந்தை பிறக்காத பக்கம் செல்லும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் எளிதில் ஏற்கிறது, குழந்தை பிறக்கும் பக்கம் செல்லும் ஒப்பந்தத்தில் தயங்குகிறது.

பிணக்கு இல்லாத தம்பதியரிடமும் படிவம் வேறொரு வகையில் தோற்கிறது. கலிபோர்னியாவில் ராபர்ட் நாக்டிகால் குழுவினர் நேர்காணல்கள் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சிகிச்சையின்போது கருமுளை அவர்களுக்கு ஒரு காப்பீடு மாதிரி, இது தவறினால் அடுத்தது என்ற கணக்கு. குழந்தை பிறந்து வளரத் தொடங்கியதும் கலனில் இருப்பவை அந்தக் குழந்தையின் உடன்பிறப்புகள் போலத் தோன்றுகின்றன. முன்பு ஆய்வுக்கு என்று குறியிட்டவர் பின்னர் மனம் வராமல் ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே போகிறார், அல்லது கட்டணத்தையும் கட்டாமல் கடிதத்தையும் பிரிக்காமல் இருந்துவிடுகிறார். 1996-இல் பிரித்தானிய மருத்துவமனைகளுக்குப் பதில் எழுதாதவர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் என்று கொள்வதற்கில்லை.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் நீண்ட காலம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களே இருந்தன. அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை, மதுரை, கோவை எனத் தமிழ்நாட்டில் உள்ள கருத்தரிப்பு மையங்களும் இதற்கு உட்பட்டவையே.

இச்சட்டப்படி, சிகிச்சை பெறும் அனைவரின் குறிப்பான அறிவுறுத்தலும் எழுத்துபூர்வ ஒப்புதலும் இல்லாமல் எந்தக் கருமுளையையும் உறையவைக்கக் கூடாது. ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ என்ன செய்வது என்பதும் அதில் அடங்க வேண்டும். கருப்பைக்குள் வைக்கப்படும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். சேமிப்புக் காலம் அதிகபட்சம் பத்து ஆண்டு. அது முடிந்ததும் கருமுளையை அழிய விட வேண்டும், அல்லது தம்பதியரின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்பனைக்கு முழுத் தடை. தேசிய வாரியத்தின் அனுமதியோடு சொந்தப் பயனுக்காக வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல மட்டுமே இடமுண்டு.

பத்து ஆண்டு முடிவில் சட்டம் சொல்லும் வழிகள் இரண்டே என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தையில்லாத வேறொரு தம்பதிக்குக் கொடுப்பது அவற்றில் ஒன்றாக எழுதப்படவில்லை. இவ்வகையில் டென்னசி வழக்கில் மனைவி விரும்பியது இங்கே கால முடிவில் கிடைக்காத வழி.

ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்ற விதியை இந்தியச் சட்டமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பிரித்தானியா எவன்ஸ் வழக்குக்குப் பின் சேர்த்த ஓராண்டு அவகாசம் போன்ற ஏற்பாடு இச்சட்டத்தின் வாசகத்தில் இல்லை. கணவனும் மனைவியும் பிரிந்து, ஒருவர் பயன்படுத்தவும் மற்றவர் அழிக்கவும் கேட்டால், மையம் எடுத்துப் பார்க்கக்கூடியது பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான படிவத்தைத்தான். அதில் மரணத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள், மணமுறிவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டிவரும். அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், 1988-இல் மூட்டைகளுக்குள் படிவத்தைத் தேடிய மருத்துவமனையின் நிலைதான் அவர்களுக்கும்.